அம்மா விழித்திருக்கும் மணித்தியாலங்கள்

"எனக்கு 44 வயது. கோப்பாயில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு 72 வயது. கணையத்தில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவி, மூன்று கிழமையாக வைத்தியசாலையில் இருக்கிறார். இனி நோவைக் குறைப்பது மட்டுமே செய்யலாம் என்று வைத்திய நிபுணர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று கனடாவில் இருக்கும் அண்ணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா உயிரோடு இருக்கும்போதே நான் செத்தவீட்டை மனதில் நடத்திப் பார்க்கிறேன். சில இரவுகளில் 'முடிந்துவிட்டால் நல்லது' என்றும் நினைத்துவிடுகிறேன். 1995 இடப்பெயர்வின்போது அப்பா சாவகச்சேரியில் காய்ச்சலில் இறந்தார். நான் பெரியம்மாவுடன் வேறிடத்தில் இருந்ததால் முகம் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்றும் சொல்லக்கூடாது என்றால் நான் எப்படி விடைபெறுவது? இப்படியெல்லாம் நினைக்கும் நான் கெட்ட மகளா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை என்பதே உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் முதலில் தரவேண்டிய பதில். இறப்பு நிகழ்ந்த பின்னரே துயரம் தொடங்கும் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி என்று எங்கள் சடங்குகள் யாவும் அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால், அதற்கு முந்திய துயரத்துக்கு ஊரில் ஒரு பெயரும் இல்லை, அழுவதற்கு ஓர் இடமும் இல்லை. ஆனால் நீங்கள் அம்மாவை இழக்கத் தொடங்கி மாதங்களாகியிருக்கும். விடியப்புறம் அவர் முற்றம் கூட்டும் சத்தம் நின்றபோது ஒன்றை இழந்தீர்கள். குசினியில் அவருடைய கை நின்றபோது இன்னொன்றை இழந்தீர்கள். உங்களுக்குச் சுகமில்லாதபோது அவர் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த காலம் போய், அவருடைய உடம்பை நீங்கள் துடைத்துவிடும் காலம் வந்தபோது மகளாக இருந்த இடத்தையே ஓரளவு இழந்தீர்கள். நடந்துவிட்ட இவற்றுக்காகவும் நடக்கப்போவதற்காகவும் மனம் ஒருசேர அழுகிறது. இதனை எங்கள் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் துறையில் முன்துயர் என்கிறோம்.

செத்தவீட்டை மனதில் நடத்திப் பார்ப்பதும் அதன் ஒரு பகுதிதான். ஒரேயடியாகத் தாங்கமுடியாத ஒன்றை மனம் சிறிது சிறிதாகத் தொட்டுப் பார்க்கிறது. 'முடிந்துவிட்டால் நல்லது' என்ற நினைவைப் பற்றி என்னிடம் வந்த பலர் தலையைக் குனிந்துகொண்டே சொல்லியிருக்கிறார்கள். நாளை காலை அம்மா நோவில்லாமல் எழுந்திருந்து உங்களிடம் தேத்தண்ணி கேட்டால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முடியவேண்டும் என்று நீங்கள் விரும்பியது அம்மாவின் உயிரையா, அவருடைய முனகலையும் உங்கள் நித்திரையற்ற இரவுகளையுமா என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனினும் முன்துயரில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்தத் துயரத்தை 1944இல் முதன்முதலில் பெயரிட்டு எழுதிய எரிக் லின்டமன் என்ற உளமருத்துவர், போருக்குச் சென்ற கணவன் இறந்துவிடுவான் என்று முன்கூட்டியே முழுவதுமாக அழுது முடித்த மனைவியரைப் பற்றிச் சொல்கிறார். கணவன் உயிரோடு திரும்பி வந்தபோது அவனை மீண்டும் ஏற்றுக்கொள்ள மனத்தில் இடமில்லாமற் போயிருந்தது. வைத்தியசாலைக் கட்டிலருகிலும் இது நடக்கிறது. கட்டிலில் இருப்பவர் இன்னும் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க, உறவினர் மனத்தளவில் அவரை அனுப்பிவிட்டு, வெளியே நின்று பெட்டிக்கும் பந்தலுக்கும் ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்கள். அம்மாவின் கையைத் தொடுவது குறைந்துவிட்டதா, அவரிடம் கதைப்பதைவிட அவரைப் பற்றி மற்றவர்களிடம் கதைப்பது கூடிவிட்டதா, பார்வையாளர் நேரம் முடியும் மணியை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அதற்காகத் தண்டித்துக்கொள்ளத் தேவையில்லை, கட்டிலுக்குக் கொஞ்சம் கிட்டப் போனாற் போதும். இப்போதே அழுதுவிட்டால் பிறகு அழுகை குறையும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள், துயரம் அப்படி முற்பணம் கட்டித் தீர்க்கக்கூடிய கடன் அன்று.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். விடைபெறுவது என்றதும் கடைசி மூச்சும், சுற்றி நிற்கும் பிள்ளைகளும், அப்போது சொல்லப்படும் ஒரு வார்த்தையுமே நம் எல்லோருடைய மனக்கண்ணிலும் வருகின்றன. புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் விழித்திருப்பதில்லை. உடல் தளரத் தளர நித்திரை கூடுகிறது. முதலில் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலம் தூங்குவார்கள், பிறகு பகலின் பாதி போகும், பிறகு கூப்பிட்டால் கண் திறந்து ஓரிரு சொல் சொல்லி மறுபடி தூங்குவார்கள், கடைசியில் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார்கள். இந்தக் கடைசி நிலை சிலருக்குச் சில மணித்தியாலங்கள், பலருக்கு இரண்டு மூன்று நாட்கள் நீடிக்கும். ஆகவே அம்மாவுடன் கதைத்து விடைபெறும் காலம் பெரும்பாலும் உயிர் பிரிவதற்குச் சில நாட்கள் முன்னரே முடிந்துவிடும். நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த நேரம் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை ஒருவராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் நாங்கள் பயன்படுத்தும் ஓர் எளிய அளவு உண்டு. மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் மாதங்கள் இருக்கலாம், கிழமைக்குக் கிழமை தெரிந்தால் கிழமைகள், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாற்றம் தெரிந்தால் நாட்கள். போன ஞாயிறு அம்மா தானாக எழுந்து இருந்தாரா, இந்த ஞாயிறு பிடித்து இருத்தவேண்டியிருந்ததா, எத்தனை வாய் கஞ்சி குடித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். அண்ணா எப்போது விமானம் ஏறவேண்டும் என்பதை அவரிடம் விளக்குவதற்கு 'அம்மாவுக்குக் கடுமை' என்ற சொல்லைவிட அந்தக் கொப்பி உதவும்.

அம்மா தெளிவாக இருக்கும் நேரத்தையும் கண்டுபிடிக்கவேண்டும். வாய்வழியாக மோர்பின் கொடுக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் வகையாக இருக்கும். கொடுத்து அரை மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில் நோ நன்றாகக் குறையும். நோவோடு இருப்பவரால் எதையும் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. விடுதியின் பொறுப்புத் தாதியிடம் மருந்து கொடுக்கும் நேரங்களைக் கேட்டு, பார்வையாளர் நேரத்துக்கு முன்னர் ஒரு வேளை மருந்து அமையுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மோர்பின் உயிரைச் சுருக்கிவிடும் என்று உறவினர் யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கக்கூடும். நோவின் அளவுக்கேற்பப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மோர்பின் சாவை அழைத்து வருவதில்லை. தொடங்கிய முதல் சில நாட்கள் தூக்கத்தைக் கூட்டும், சிலருக்குக் குமட்டலும் வரும், மலச்சிக்கல் மருந்து எடுக்கும்வரை தொடரும்.

ஒன்றும் சொல்லக்கூடாது என்ற அண்ணாவின் கட்டளைதான் உங்களை எல்லாவற்றிலும் அதிகமாக வருத்துகிறது என்று நினைக்கிறேன். அவரும் அன்பினால்தான் சொல்கிறார். தூரத்தில் இருப்பவருக்கு அம்மாவைப் பாதுகாக்கக் கிடைக்கும் ஒரே வழி அதுவாக இருக்கலாம். ஆனால் அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் எண்ணுவதை நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன். கண் மஞ்சளாவதும், சேலை இடுப்பில் நிற்காமல் போவதும், வைத்தியர் தன் கட்டிலருகே நிற்கும் நேரம் குறைவதும், பிள்ளைகள் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு வருவதும் அவருக்குத் தெரியும். 1960களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் இறக்கும் நோயாளரைக் கவனித்த பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர் இருவர், நோயாளியும் உறவினரும் இருவருமே உண்மையை அறிந்துகொண்டு, இருவருமே அறியாதவர்போல நடந்துகொள்ளும் நிலையை விரிவாக விவரித்தார்கள். அவர்கள் எழுதியதை முதலில் படித்தபோது எங்கள் விடுதிகளைப் பார்த்து எழுதியதைப்போல எனக்கு இருந்தது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வெங்காயத் தோட்டம் செய்த ஒரு முதியவர் நுரையீரல் புற்றுநோயுடன் விடுதியில் இருந்தார். நெஞ்சுச் சளி என்று பிள்ளைகள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் ஒவ்வொரு நாளும், "இண்டைக்குக் கொஞ்சம் சுகம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தனித்திருந்தபோது, "ஐயா, உங்கட வருத்தத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நெடுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், "தம்பி, பட்டுப்போற பயிரைத் தோட்டக்காரனுக்குத் தெரியாதே? பிள்ளையள் தாங்காதுகள். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். பிள்ளைகள் என்னிடம் கேட்ட அதே உதவியை அவரும் கேட்டார்.

அவருடைய மனத்தில் இரண்டு பாரங்கள் இருந்தன. பங்குக் கிணற்றில் தன் முறை நாளைப் பற்றி அயலவருடன் இருந்த ஒரு பிணக்கு ஒன்று. மகளுடைய காப்பை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தது மற்றது. இரண்டையும் சொல்லவேண்டுமானால் தான் இறக்கப்போவதை ஒப்புக்கொள்ளவேண்டும், ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள். அவருடைய சம்மதத்துடன் மகளை உள்ளே அழைத்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அப்பா, என்னட்டைச் சொல்ல ஏதும் இருக்கே?" அன்று மாலையும் அடுத்த நாளும் அவர்கள் கதைத்தார்கள். காப்பைப் பற்றிச் சொன்னபோது மகள் சிரித்ததாகவும், அடகுத் துண்டை அலுமாரியில் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்று சொன்னதாகவும் பிறகு அறிந்தேன். மூன்றாம் நாள் காலை அவர் நித்திரையிலிருந்து எழும்பவில்லை. ஆறாம் நாள் உயிர் பிரிந்தது. எதையும் சொல்லக்கூடாது என்று உறுதியாக நின்ற பிரான்சிலிருந்த மகன் நாலாம் நாள் தொலைபேசி எடுத்தார், காதருகே பிடித்துக் கேட்கவைத்தோம். அவர் அழுது அழுது சொன்னதற்குத் தகப்பனிடமிருந்து பதில் வரவில்லை. உங்கள் அண்ணாவுக்கு நான் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த மகள் எதையும் சொல்லவில்லை, கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். அண்ணாவுக்குக் கொடுத்த வாக்கை மீறாமலே நீங்களும் அதைச் செய்யலாம். அவரிடம், "அண்ணா, நானாக அம்மாவுக்கு ஒண்டும் சொல்லப்போறதில்லை. ஆனா அவ கேட்டா பொய் சொல்லவும் மாட்டன்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு அம்மாவிடம், "அம்மா, நீங்கள் உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன யோசிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள். அந்த மௌனம் தாங்கமுடியாமல்தான் நம்மில் பலர், "ஒண்டுமில்லை, சுகமாகிவிடும்" என்று முந்திக்கொண்டு கதவை மூடிவிடுகிறோம். அம்மா, "எனக்கு இனிச் சரிவராது பிள்ளை" என்றால் மறுத்துவிடாதீர்கள். "ஓம் அம்மா, எனக்கும் அந்தப் பயம் இருக்கு" என்று சொல்லிக் கையைப் பிடித்தாற் போதும். "நான் தப்புவனோ?" என்று நேராகவே கேட்டால், "டொக்டரிட்டைக் கேப்பமே, நானும் பக்கத்திலை இருக்கிறன்" என்று சொல்லி, அந்தப் பதிலை வைத்தியர் வாயால் வரவிடுங்கள். அம்மா பேச்சை மாற்றினாலோ, "அதைக் கதையாதை" என்றாலோ அதுவும் ஒரு தெளிவான பதில்தான். அறிய விரும்பாமல் இருப்பதும் நோயாளியின் உரிமை, அதற்கு மேல் தள்ளக்கூடாது. அப்படியானாலும் விடைபெறும் வழி அடைபட்டுவிடுவதில்லை.

ஏனென்றால், சாவு என்ற சொல்லைத் தொடாமலே சொல்லவேண்டியவை எல்லாவற்றையும் சொல்லலாம். நன்றி சொல்லுங்கள், ஆனால் பொதுவாகச் சொல்லாதீர்கள். "எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டியள்" என்பது எந்தத் தாய்க்கும் பொருந்தும். இடம்பெயர்ந்த அந்த மழையில் எதை எறிந்துவிட்டு எதைத் தூக்கிக்கொண்டு அம்மா நடந்தார், அப்பா போன பிறகு எதை விற்று உங்கள் இருவரையும் படிப்பித்தார் என்பவை உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றில் ஒன்றைச் சொல்லி, "அது எனக்கு இண்டைக்கும் ஞாபகம் இருக்கு அம்மா" என்று முடியுங்கள். மன்னிப்புக் கேட்க இருந்தால் நீண்ட விளக்கமில்லாமல் கேளுங்கள். அம்மா உங்களிடம் மன்னிப்புக் கேட்டால், "ஐயோ அப்பிடியெல்லாம் சொல்லாதேங்கோ" என்று வாயை அடைத்துவிடாமல், "எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை" என்று அவர் கேட்டதை அவருக்குக் கொடுங்கள். பிறகு, அம்மாவின் கவலை எதுவென்று கண்டுபிடியுங்கள். காணி உறுதியாக இருக்கலாம், நிறைவேற்றாத ஒரு நேர்த்தியாக இருக்கலாம், பெரும்பாலும் தனக்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டில் தனியாக எப்படி இருக்கப்போகிறீர்கள் என்பதாக இருக்கும். "என்னைப் பற்றி யோசியாதேங்கோ" என்ற வெறும் ஆறுதல் எந்தத் தாயையும் ஆற்றியதில்லை. யார் இரவில் வந்து துணைக்கு இருப்பார்கள், எந்த அறையை வாடகைக்குக் கொடுப்பீர்கள், நேர்த்தியை எந்தத் திருவிழாவில் நிறைவேற்றுவீர்கள் என்று விபரமாகச் சொல்லுங்கள்.

எங்கள் மொழியே இதில் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும் எவரும் இங்கே 'போறன்' என்று சொல்வதில்லை, 'போட்டு வாறன்' என்றுதான் சொல்கிறோம். மதியமும் மாலையும் பார்வையாளர் நேரம் முடியும்போது அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு ஓடாமல், கடைசி மூன்று நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள். போர்வையைச் சரிசெய்து, நெற்றியில் கைவைத்து, "போட்டு வாறன் அம்மா" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு நாளும் முழு மனத்தோடு சொல்லப்பட்ட அந்தச் சொல், எந்த நாள் கடைசி நாளாக மாறினாலும் குறையில்லாமல் நிற்கும்.

அண்ணா வரமுடியாவிட்டால் காணொளி அழைப்பை இப்போதே ஒழுங்குசெய்யுங்கள். அதில் ஒருவர் மட்டும் பேசட்டும். தொலைபேசியை அம்மாவின் கண்ணுக்கு நேரே நீங்கள் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். 'சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா' என்று அந்தப் பத்து நிமிடமும் போய்விடாதபடி, மேலே சொன்னவற்றில் தான் சொல்ல விரும்புவதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். அவருடைய குரலில் ஒரு பதிவையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்று அம்மா விரும்புகிறாரா என்பதையும் அவர் வாய் பேசும் நாட்களிலேயே கேட்கவேண்டும். எங்கள் ஊரில் பலர் அதை விரும்புகிறார்கள். அது நடக்கவேண்டுமானால் நோ மருந்தை வீட்டில் எப்படிக் கொடுப்பது, இரவில் யாரை அழைப்பது என்பவற்றை விடுதி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு ஒழுங்குசெய்யவேண்டும். நினைவு தப்பிய பிறகு அவசரமாக ஏற்றிக்கொண்டு போகும்போது வழியிலேயே உயிர் பிரிந்துவிட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

கடைசி நாட்களில் நீங்கள் காணப்போவதை முன்பே அறிந்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் பயம் உங்களைக் கட்டிலிலிருந்து விலக்கிவிடும். அம்மா உண்பதை நிறுத்துவார். சாப்பிடாததால் அவர் இறப்பதில்லை, உடல் இறப்பை நோக்கிச் செல்வதாலேயே பசி நிற்கிறது. சிறுநீர் குறைந்து நிறம் கடுமையாகும். கைகால்கள் குளிர்ந்து முழங்காலில் ஊதாநிறத் திட்டுகள் தோன்றலாம். மூச்சு சிறிது நேரம் நின்று, மறுபடி ஆழமாகத் தொடங்கி, மறுபடி நிற்கும். தொண்டையில் சளி கரகரக்கும் சத்தம் வரும். அதைக் கேட்டு நிற்பவர்கள் தாங்கமாட்டார்கள், ஆனால் ஆழ்ந்த நித்திரையில் இருப்பவரை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. மெதுவாக ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்தால் சத்தம் குறையும், தாதியிடம் உதவி கேளுங்கள். முகம் சுளிப்பது, முனகுவது, கையை உதறிக்கொண்டே இருப்பது ஆகியவை நோவின் அல்லது மனக்குழப்பத்தின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அவற்றைக் கண்டால் காத்திருக்காமல் உடனே சொல்லவேண்டும்.

இந்த நிலையில் உறவினர் வந்து வரிசையாகப் பால் பருக்க விரும்புவார்கள். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் விழுங்கும் ஆற்றல் போன ஒருவருடைய வாயில் கரண்டியால் ஊற்றப்படும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். சுத்தமான பஞ்சையோ துணியையோ பாலில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றிவிடச் சொல்லுங்கள். வந்தவர்களின் மனமும் நிறையும், அம்மாவுக்கும் தீங்கு வராது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதேபோல் தண்ணீரால் உதட்டையும் நாவையும் ஈரமாக்கிவிடுங்கள். இதைவிட நல்ல பணிவிடை அப்போது வேறில்லை.

பேச்சு நின்றபிறகும் பேசுங்கள். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறக்கும் தறுவாயில் எந்த அசைவும் காட்டாதிருந்த நோயாளர் சிலரின் மூளை, சத்தத்துக்கு நலமானவர்களின் மூளையைப் போலவே துலங்குவதைக் கண்டார்கள். கேட்டதை அவர்கள் விளங்கிக்கொண்டார்களா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. இருந்தாலும் கட்டிலருகே சொத்துப் பிணக்கோ செத்தவீட்டுச் செலவோ பேசாமல், தேவாரம் ஓதவும் அண்ணாவின் குரற்பதிவைக் காதருகே வைக்கவும் அந்த அளவு தெரிந்தாற் போதும்.

முகம் பார்க்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு நான் உறுதிமொழி தரமுடியாது. விடுதி விதிகள் இருக்கின்றன, நித்திரை இருக்கிறது. பலருடைய உயிர் உறவினர் முகம் கழுவப் போன பத்து நிமிடத்தில் பிரிந்ததை நான் கண்டிருக்கிறேன். கடுமையாகும்போது ஒருவரைப் பக்கத்தில் நிற்க அனுமதிப்பார்களா என்று பொறுப்புத் தாதியிடம் இப்போதே கேளுங்கள், இரவில் அழைக்கவேண்டிய இலக்கத்தைக் கொடுத்துவையுங்கள். அதற்கு மேல் உங்கள் கையில் இல்லை. நித்திரையும் சாப்பாடும் நாட்கணக்கில் இல்லாமற் போனாலோ, அம்மாவோடு நீங்களும் போய்விடவேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றைக்கே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றிய அந்த வரிகளுக்கு வருகிறேன். புதிய இழப்பு ஒன்று கிட்ட வரும்போது அழுது முடியாத பழைய இழப்பும் எழுந்து வந்துவிடும். இன்று அம்மாவின் கட்டிலருகே நீங்கள் அழுவதில் ஒரு பங்கு அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையின் அழுகை. அப்பாவின் கடைசி நாள் எப்படியிருந்தது, அவர் உங்களைத் தேடினாரா, யார் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த இடத்தில் எரித்தார்கள் என்பவை தெரிந்த ஒருவர் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். உங்களுக்கு நோகும் என்று அவரும், அவருக்கு நோகும் என்று நீங்களும் இத்தனை வருடமாகக் கேட்காமலும் சொல்லாமலும் இருந்திருப்பீர்கள். நாளை மதியம் மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து, கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்துகொண்டு, "அம்மா, அப்பா செத்த அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.